சட்ட நிலை நாள்: பொதுச் சட்ட ஆய்வுக்கான குறிப்புரை நூலடைவு

செட்டிநாட்டில் நகரத்தார் சமூகத்துக்கு ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஊர்களில் உள்ளவை அவை. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இந்த ஒன்பதில் ஒரு கோயிலைச் சேர்ந்தது. திருமணம் முடிவாவதிலும் இந்தக் கோயில் பிரிவுக்குப் பங்கு உண்டு. கோயில்களைக் காலங்காலமாக நிர்வகித்து வருபவர்களும் நகரத்தாரே.

காரைக்குடியில் சட்டம் பயிலும் ஒரு மாணவர் இந்தக் கோயில்களை மனத்தில் வைத்து ஓர் ஆய்வுக் கேள்வியை எழுப்புகிறார் என்று கொள்வோம். ஒரு சமூகம் தன் கோயிலைத் தானே நிர்வகித்து வந்திருக்கிறது என்பதால், அது அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் கூறு பேசும் 'சமயப் பிரிவு' ஆகிவிடுமா? ஆகும் என்றால், அந்த நிர்வாகத்தில் அரசு எதுவரை தலையிடலாம்?

இது கற்பனையில் பிறந்த கேள்வி அல்ல. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 107ஆம் பிரிவே இதற்கு இடம் தருகிறது. 26ஆம் கூறு ஒரு சமயப் பிரிவுக்குத் தரும் உரிமைகளுக்கு முரணாக இந்தச் சட்டம் எந்த அதிகாரத்தையும் வழங்கவில்லை என்று அப்பிரிவு சொல்கிறது. ஆகவே சமயப் பிரிவு என்று நிறுவுவதா, மறுப்பதா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

இந்தக் கேள்விக்கு மாணவர் முதலில் தயாரிக்க வேண்டியது குறிப்புரை நூலடைவு. நூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள், அரசு அறிக்கைகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகளில் ஒரு குறிப்புரை எழுதுவது அதன் வடிவம். மற்றத் துறைகளில் இந்தக் குறிப்புரை நூல் என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது, நமக்கு எதற்குப் பயன்படும் என்ற மூன்றைச் சொன்னால் போதும். பொதுச் சட்ட ஆய்வில் நான்காவது ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த நூல் பேசும் சட்டம் எந்த நாள் வரையிலான சட்டம் என்பதே அது. இதை 'சட்ட நிலை நாள்' என்று அழைப்போம். இந்த ஒரு வரி விடுபட்டால் நல்ல நூலும் ஆய்வாளரைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும். இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

முதலில் ஒரு காலக்கோடு

சட்ட நிலை நாளைக் கணிக்க வேண்டுமானால் சட்டம் எப்போது மாறியது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எனவே நூலடைவுக்கு முன் ஒரு பக்கத்தில் காலக்கோடு ஒன்று எழுதிக்கொள்வது முதல் படி. நம் கேள்விக்கு அது நீளமானதல்ல.

சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்குமுறை, கோயில் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. 1863ஆம் ஆண்டின் சமய அறக்கொடைகள் சட்டம் அந்தப் பொறுப்பிலிருந்து அரசை விலக்கி, உள்ளூர்க் குழுக்களிடமும் அறங்காவலர்களிடமும் கொடுத்தது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் அறநிலைய வாரியம் வந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தின் இடத்தில் அரசுத் துறையை வைத்தது.

அந்த 1951ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வந்ததுதான் சிரூர் மட வழக்கு. 1954 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன் பல பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்தது. மடங்களும் கோயில்களும் செலுத்த வேண்டிய ஆண்டுப் பங்களிப்பு கட்டணமல்ல, வரியே; அத்தகைய வரி விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்த்தது. சமயப் பிரிவு என்றால் என்ன என்பதையும் இந்தத் தீர்ப்புதான் முதன்முதலாக விரித்துரைத்தது. பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனித்த பெயர் என்று பிந்தைய தீர்ப்புகள் சொல்லும் மூன்று அளவுகோல்களும் இதிலிருந்து வந்தவை. தீர்ப்புக்கேற்பத் திருத்தி எழுதப்பட்ட புதிய சட்டமே 1959ஆம் ஆண்டுச் சட்டம். அது 1960 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பிறகு மூன்று திருப்பங்கள். பரம்பரை அர்ச்சகர் உரிமையை 1971ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. சமயத்தின் இன்றியமையாப் பழக்கம் எது என்பதை நீதிமன்றம் எவ்வாறு முடிவுசெய்ய வேண்டும் என்ற கேள்வி, சபரிமலை மறுஆய்வு மனுக்களின்போது 2019 நவம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இந்தக் காலக்கோட்டை மேசையில் வைத்துக்கொண்டால் எந்த நூல் எந்தத் திருப்பத்துக்கு முந்தியது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

சட்டங்களும் தீர்ப்புகளும் நூலடைவுக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனி அட்டவணை போட வேண்டும். அவை சட்டத்தின் மூலம். நூலும் கட்டுரையும் அறிக்கையும் அதைப் பற்றிய பேச்சு. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கினால் வாசகர் பேச்சையே சட்டம் என்று எடுத்துக்கொள்வார்.

நூல்: பதிப்பு மாறினால் சட்டமும் மாறும்

முதல் மாதிரிக்கு, இந்தத் துறையின் அடிப்படை நூலையே எடுத்துக்கொள்வோம்.

*முகர்ஜி, பி.கே., 'தி இந்து லா ஆஃப் ரிலிஜியஸ் அண்ட் சாரிட்டபிள் டிரஸ்ட்', கல்கத்தா, முதற் பதிப்பு, 1952.*

*இந்துக் கோயில், மடம், அறக்கொடை ஆகியவற்றின் சட்டத் தன்மையை ஆராயும் நூல். சொத்து யாருடையது, மடாதிபதியின் நிலை என்ன, அறங்காவலரின் கடமை எதுவரை என்ற கேள்விகளைத் தீர்ப்புகளின் வழியே வளர்த்தெடுக்கிறது. ஆசிரியர் நீதிபதி; சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவரும் இவரே. ஆகவே அத்தீர்ப்பின் சிந்தனைப் பின்னணியை அறிய இந்நூல் நேரடிச் சான்று. சட்ட நிலை நாள்: 1952. சிரூர் மடத் தீர்ப்பும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் இப்பதிப்பில் இல்லை. பயன்: கோயில் நிர்வாகியின் உரிமை எத்தகையது என்பதற்கு உதவும். 26ஆம் கூறின் எல்லைக்கு இப்பதிப்பைச் சான்றாகக் காட்டலாகாது.*

இந்தக் குறிப்புரையில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆசிரியரின் தகுதியைச் சொல்லும் வரி. பல நூலடைவுகளில் இந்த வரி பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குவதோடு முடிந்துவிடும். இங்கே அது ஒரு வேலை செய்கிறது. நூலை எழுதியவரே இரண்டாண்டு கழித்து அத்துறையின் மிக முக்கியமான தீர்ப்பையும் எழுதினார் என்பதால், நூலையும் தீர்ப்பையும் அருகருகே வைத்து வாசிக்க ஆய்வாளருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அதே வேளையில், தீர்ப்பை ஆதரிக்கும் தனி அறிஞர் கருத்தாக இந்நூலைக் காட்ட முடியாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே மனத்திலிருந்து வந்த இரண்டையும் இரு சாட்சிகளாக எண்ணுவது முறையல்ல.

இரண்டாவது, பதிப்பு. முகர்ஜி 1956இல் மறைந்தார். நூலின் பிந்தைய பதிப்புகளைப் பிறர் திருத்தியும் விரித்தும் வெளியிட்டார்கள். 1983இல் வந்த ஐந்தாம் பதிப்பு பரவலாகக் கையாளப்படுவது. அந்தப் பதிப்பில் சேஷம்மாள் வழக்கைப் பற்றி ஒரு கருத்து இருந்தால் அது முகர்ஜியுடையதாக இருக்க முடியாது, பதிப்பாசிரியருடையது. 'முகர்ஜி கூறுகிறார்' என்று எழுதிப் பக்க எண்ணை ஐந்தாம் பதிப்பிலிருந்து தருபவர், மறைந்தவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கிறார். எனவே சட்ட நூல்களின் மேற்கோள் வரியில் பதிப்பு எண், பதிப்பாசிரியர் பெயர் இரண்டும் கட்டாயம். குறிப்புரை எந்தப் பதிப்பை வாசித்து எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பே மேற்கோளிலும் இருக்க வேண்டும்.

ஆய்விதழ்க் கட்டுரை: எதற்குச் சான்று, எதற்கு அல்ல

பொதுச் சட்ட ஆய்வுக்குச் சட்டக் கட்டுரைகள் மட்டும் போதா. சமயப் பிரிவா இல்லையா என்பது பாதி சட்டம், பாதி வரலாறு. நகரத்தாரைப் பற்றி அவ்வகையில் தவிர்க்க முடியாத கட்டுரை ஒன்று உண்டு.

*ருட்னர், டேவிட், 'ரிலிஜியஸ் கிஃப்டிங் அண்ட் இன்லாண்ட் காமர்ஸ் இன் செவன்டீன்த் செஞ்சுரி சவுத் இந்தியா', ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ், தொகுதி 46, இதழ் 2, 1987, பக். 361–379.*

*நகரத்தார் பதினேழாம் நூற்றாண்டில் பழனிக் கோயிலுக்கு அளித்த கொடைகளையும் அவர்களுடைய உள்நாட்டு வணிகத்தையும் இணைத்து ஆராயும் மானுடவியல் கட்டுரை. கொடையும் வணிகமும் தனித்தனிச் செயல்களல்ல, ஒன்றையொன்று தாங்கின என்பது வாதம். ஆசிரியர் இதை 1994இல் வந்த தம் நூலில் விரித்திருக்கிறார். சட்ட நிலை நாள்: பொருந்தாது, கட்டுரை இன்றைய சட்டத்தைப் பேசவில்லை. பயன்: நகரத்தார் கோயிலைச் சுற்றி ஓர் அமைப்பாக இயங்கியதற்கு வரலாற்றுப் பின்னணி தரும். வரம்பு: பொதுவான சமய நம்பிக்கை என்ற அளவுகோலுக்கு இது சான்றாகாது. மேலும், இங்கு பேசப்படும் பழனி, நகரக் கோயில்கள் ஒன்பதில் ஒன்றல்ல.*

'சட்ட நிலை நாள்: பொருந்தாது' என்று எழுதுவதும் ஒரு தகவலே. அந்த வரி வெறுமையாக இருந்தால் ஆய்வாளர் மறந்துவிட்டாரா, ஆராய்ந்து விட்டுவிட்டாரா என்று வாசகருக்குத் தெரியாது.

வரம்பு என்ற வரிக்கும் இங்கே தனி எடை உண்டு. மூன்று அளவுகோல்களில் பொதுவான அமைப்பு என்பதற்கும் தனித்த பெயர் என்பதற்கும் நகரத்தாரைப் பற்றிய எழுத்துகளில் பொருள் ஏராளம். பொதுவான நம்பிக்கை என்பதுதான் கடினம். நகரத்தார் சைவர்கள்; ஆனால் சைவம் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு சமூகமாக இருப்பதும் ஒரு சமயப் பிரிவாக இருப்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. ஒரு கட்டுரை மூன்று அளவுகோல்களில் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை என்று ஒவ்வொரு குறிப்புரையிலும் எழுதிவைத்தால், நூலடைவு முடியும்போது சான்று எங்கே குவிந்திருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆய்வின் உண்மையான வேலை அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

அரசு அறிக்கை: பரிந்துரை சட்டமல்ல

*இந்திய அரசு, இந்து சமய அறக்கொடைகள் ஆணைய அறிக்கை (தலைவர்: சி.பி. ராமசாமி ஐயர்), 1962.*

*இந்திய அரசு 1960இல் அமைத்த ஆணையத்தின் அறிக்கை. பல மாநிலங்களில் இந்துக் கோயில், மட நிர்வாகம் எவ்வாறு நடக்கிறது என்று ஆராய்ந்து பரிந்துரைகள் தந்தது. தகுதி: ஆராய்ச்சியும் பரிந்துரையும் மட்டுமே, எவரையும் கட்டுப்படுத்தாது. சட்ட நிலை நாள்: 1962. சிரூர் மடத் தீர்ப்பு ஆணையத்துக்குத் தெரியும். 1959ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது சுமார் இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. பரம்பரை அர்ச்சகர் பற்றிய 1971ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தியது. பயன்: சட்டம் புதிதாக இருந்த காலத்தில் அரசு அதை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்று. இன்றைய நிர்வாக நிலைக்குச் சான்றல்ல.*

அறிக்கைகளில் ஆசிரியர் பெயர் முதல் சிக்கல். ஆணையத் தலைவரின் பெயரில் அறிக்கை வழங்கப்படுவதால் பலர் தலைவரையே ஆசிரியராக்கிவிடுகிறார்கள். வெளியிட்டது அரசு, ஆகவே அரசே ஆசிரியர் இடத்தில் வர வேண்டும், தலைவர் பெயர் அடைப்புக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் நூலகப் பட்டியலில் அது கிடைக்கும். அரசின் ஆவணம் தனிமனிதர் கருத்தாகக் காட்டப்படாமலும் இருக்கும்.

அடுத்த சிக்கல் தகுதி. ஆணைய அறிக்கை, துறையின் ஆண்டு நிர்வாக அறிக்கை, மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு, இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை ஆகிய நான்கும் அரசு அறிக்கைகள்தாம். ஆனால் அவற்றின் எடை ஒன்றல்ல. கொள்கை விளக்கக் குறிப்பு துறை தன்னைப் பற்றித் தானே சொல்வது. தணிக்கை அறிக்கை வேறொரு அமைப்பு துறையை ஆராய்ந்து சொல்வது. கோயில் நில வருவாய் பற்றி இரண்டும் வேறு எண்களைத் தந்தால் ஆய்வாளர் திகைக்கத் தேவையில்லை. யார், எதற்காக, யாரிடம் சமர்ப்பித்தார் என்ற வரி குறிப்புரையில் இருந்தால் வேறுபாட்டின் காரணத்தை அங்கேயே தேடத் தொடங்கலாம்.

எங்கே தேடுவது

செட்டிநாட்டைப் பற்றிய அரசு ஆவணங்களைத் தேடுபவருக்கு மாவட்டப் பெயர்தான் முதல் தடை. சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன் காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டமே 1910இல் உருவானது. அதற்கு முந்திய பொருளை மதுரை மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். அதனால்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியாரைப் பற்றி பிரான்சிஸ் 1906இல் எழுதிய விவரங்கள் மதுரை மாவட்ட விவரச்சுவடியில் கிடைக்கின்றன. 'சிவகங்கை' என்று மட்டும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுபவர் 1985க்கு முந்திய ஆவணங்களைத் தவறவிடுகிறார். சட்டங்களின் பெயரும் இப்படியே. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய அறிக்கைகளில் சென்னைச் சட்டம் என்றும், பிந்தையவற்றில் தமிழ்நாடு சட்டம் என்றும் இருக்கும்.

கணினிப் பட்டியல்களில் சமூகத்தின் பெயரும் பலவாறு எழுதப்பட்டிருக்கிறது. ருட்னர் எழுதுவது `Nakarattar`. மற்றவர்கள் `Nagarathar`, `Nattukottai Chetti`, `Nattukkottai Chettiar` என்கிறார்கள். நான்கையும் தனித்தனியே இட்டுத் தேட வேண்டும். எந்தச் சொற்களால், எந்த நூலகத்தின் பட்டியலில், எந்த மாதத்தில் தேடினோம் என்பதை நூலடைவின் முன்னுரையில் நான்கு வரியில் எழுதிவிட்டால், பின்னால் வருபவர் அதே இடத்தில் மீண்டும் தேட வேண்டியதில்லை.

தமிழ் நூல்களுக்கும் சிறுவெளியீடுகளுக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதன்மையான இடம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பிலிருந்து உருவானது அது; இன்று சென்னையில் இயங்குகிறது. அரசாணைகளுக்கும் வாரியக் காலத்து ஆவணங்களுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் வழி.

தவறு எங்கே நேர்கிறது

குறிப்புரை நூலடைவுகளில் காணப்படும் பெரிய குறை, பொருளடக்கத்தையே குறிப்புரையாக எழுதுவது. 'இந்நூல் கோயில் நிர்வாகத்தைப் பற்றி ஆறு இயல்களில் விரிவாகப் பேசுகிறது' என்ற வரியை வேறு எந்த நூலின் கீழும் வைக்கலாம். அப்படி வைக்க முடிந்தால் அந்தக் குறிப்புரை எழுதப்படவில்லை என்றே பொருள். நூலின் வாதம் என்ன, அது என் கேள்வியின் எந்தப் பகுதிக்கு விடை தருகிறது என்று சொல்லும் வரி அந்த நூலுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்தது, கையில் எடுத்துப் பார்க்காத நூலுக்குக் குறிப்புரை எழுதுவது. 1962ஆம் ஆண்டு அறிக்கையைப் பலரும் வேறொரு நூலின் அடிக்குறிப்பு வழியாகவே அறிகிறார்கள். அந்த அடிக்குறிப்பு ஒரு பரிந்துரையை முடிவான விதியாகச் சுருக்கிச் சொல்லியிருந்தால் தவறு அப்படியே கைமாறும். மூலத்தைப் பார்க்க இயலவில்லை என்றால் எந்த நூலின் வழியாக அறிந்தோம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குறிப்புரையில் நிர்வாகச் சான்றாகவோ சட்டச் சான்றாகவோ அதற்கு மதிப்புத் தரக் கூடாது.

மூன்றாவது, நூலடைவை ஒருமுறை எழுதி மூடிவிடுவது. சமயத்தின் இன்றியமையாப் பழக்கம் பற்றிய கேள்வி பெரிய அமர்வின் முன் இருக்கும்வரை, அக்கோட்பாட்டை விளக்கும் ஒவ்வொரு நூலின் சட்ட நிலை நாளும் தற்காலிகமானது. அமர்வு தீர்ப்புச் சொன்ன நாளில் அந்த வரிகள் அனைத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். வரி தனியாக, ஒரே இடத்தில் இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலை அது. குறிப்புரையின் உரைநடைக்குள் புதைந்திருந்தால் முழு நூலடைவையும் திரும்ப எழுத நேரும்.

மேற்கோள் வரியின் வடிவத்தை எந்த முறைப்படி அமைப்பது என்பதைக் கல்லூரியோ ஆய்விதழோ சொல்லிவிடும். இந்தியச் சட்டக் கழகத்தின் முறையானாலும் வேறு முறையானாலும், ஒன்றையே இறுதிவரை பின்பற்றினால் போதும். காற்புள்ளி எங்கே என்பதைவிடச் சட்டம் எந்த நாளது என்பதே பெரிய கேள்வி. பல்கலைக்கழகங்களும் சட்டக் கல்லூரிகளும் ஆய்வேடுகளுக்கு வகுக்கும் விதிகளில் மேற்கோள் வடிவத்தோடு சட்ட நிலை நாளையும் கட்டாயமாக்க வேண்டும். அந்த வரி இல்லாத குறிப்புரையை வழிகாட்டும் ஆசிரியர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.